அந்த 'ஆம்' எங்க போச்சு?

கேள்வி:

அக்கா, எங்க தாத்தாவுக்கு 88 வயசு. ஜொகூர் எஸ்டேட்ல பொறந்து, அப்புறம் செம்பவாங் நேவல் பேஸ்ல வேலைக்கு வந்து இங்கயே செட்டில் ஆனவரு. போன வருஷம் ஃபோன்ல மூணு மணி நேரம் அவர் கதைய ரெக்கார்ட் பண்ணேன். கசின் பசங்களுக்கு தமிழ் சரியா வராது, அதனால இங்கிலீஷ்ல மாத்திட்டு இருக்கேன். 'வந்து வந்து'ன்னு இழுக்குறத எல்லாம் எடுத்துட்டா நியூஸ் பேப்பர் மாதிரி ஆயிடுது, விட்டுட்டா தாத்தாவுக்கு பேசவே தெரியாத மாதிரி இருக்கு. அவரோட ஊர் பேச்ச எப்படி கொண்டு வர்றதுன்னும் புரியல. 35 செகண்ட் துண்டு ஒண்ணும் நான் பண்ண இங்கிலீஷும் அனுப்பியிருக்கேன். பாத்து சொல்லுங்க.

– ஒரு பேத்தி, யீஷூன்

பதில்:

தங்கச்சி, அந்த துண்ட ஹெட்ஃபோன் போட்டு பதினஞ்சு தடவையாவது கேட்டிருப்பேன். மொதல்ல உங்க இங்கிலீஷ ஓரமா வச்சுட்டு தாத்தா வாயில இருந்து என்ன வந்துச்சோ அத அப்படியே தமிழ்ல எழுதினேன், ஏன்னா இந்த வேலைல காதுல இருந்து நேரா இங்கிலீஷுக்கு தாவக்கூடாது, நடுவுல ஒரு தமிழ் எழுத்து பிரதி கட்டாயம் இருக்கணும். நான் எழுதினது இது:

"எனக்கு ஒரு அஞ்சு... ஆறு வயசு இருக்கும். அப்ப வந்து எங்கப்பா வந்து லயன்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. லாரி வந்துச்சு. வந்து... [4 செகண்ட்] ஏத்திட்டு போய்ட்டானாம். சயாமுக்கு. நான் பாக்கல. எங்கம்மா தான்... ம். அவுக சொல்லல. யாரும் சொல்லல."

நீங்க பண்ணியிருந்தது என்ன? 'வென் ஐ வாஸ் ஃபைவ், மை ஃபாதர் வாஸ் ஸ்டேண்டிங் இன் லைன் வென் தே டுக் ஹிம் டு சயாம் இன் எ லாரி. மை மதர் நெவர் டோல்ட் மீ.' வாக்கியம் நல்லா இருக்கு, கிராமர்ல தப்பே இல்ல. ஆனா இதப் படிக்கிற உங்க கசின், அஞ்சு வயசு பையன் ஒருத்தன் க்யூல நின்ன அப்பாவ லாரில தூக்கிட்டு போறத கண்ணால பாத்தான்னு தான் நெனைப்பாங்க, தாத்தா அப்படி சொல்லவே இல்லையே.

சின்னதுல இருந்து ஆரம்பிக்கிறேன். லயன்னா க்யூ இல்லமா. எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் கொடுத்த வீடுங்க, அத தான் மலாயா தோட்டத்துல இருந்த எல்லாரும் லயன்னு சொல்லுவாங்க, இங்கிலீஷ்லயும் தோட்டக்காரங்க 'த லைன்ஸ்'னு தான் எழுதுவாங்க. 'ஸ்டேண்டிங் இன் லைன்'னு போட்டதுல அவரு தன் வீட்டு வாசல்ல நின்ன மனுஷன்ங்கறதே போயிடுச்சு. வாசல்ல நின்னவர தூக்குறதும் க்யூல நின்னவர தூக்குறதும் ஒண்ணா? தாத்தா காலத்து பேச்சுல இங்கிலீஷ் வார்த்த மாதிரி கேக்குறது எதுவா இருந்தாலும் ஒரு தடவ சந்தேகப்படுங்க, அது தமிழுக்குள்ள வந்து வேற அர்த்தத்துல குடியேறியிருக்கும். கூலியும் அப்படித்தான், 'கூலிக்கு போனாரு'ன்னா சம்பளத்துக்கு வேலைக்கு போனாருன்னு அர்த்தம், அத இங்கிலீஷ்ல அப்படியே 'கூலி'ன்னு போட்டீங்கன்னா அது ஒரு மனுஷன திட்டுற வார்த்த ஆயிடும்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். 'போய்ட்டானாம்.' அந்த கடைசி 'ஆம்' உங்க இங்கிலீஷ்ல இல்ல. தமிழ்ல அந்த ஒரு சின்ன வால் தான் 'இது நான் கேள்விப்பட்டது, பாத்தது இல்ல'ன்னு சொல்லும். இங்கிலீஷ்ல வினையோட ஒட்டிக்கிற மாதிரி அப்படி ஒண்ணு கெடையாது, அதனால நம்ம கை பழக்கத்துல அத உதிர்த்துட்டு போயிடும், உதிர்ந்ததே தெரியாது. வாய்மொழி வரலாறுல இத விட பெரிய தப்பு எனக்கு தெரிஞ்சு இல்ல, ஏன்னா யாரு சாட்சி யாரு சாட்சி இல்லன்னு சொல்ற எடமே அது தான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல இதே தப்ப பண்ணிருக்கேன். ஒரு பாட்டியோட ரெக்கார்டிங், ஜப்பான்காரன் காலத்துல மாமியார் வீட்டுல அரிசிய பானைல கட்டி கெணத்துல எறக்கி வச்சத ரொம்ப அழகா சொல்லிருந்தாங்க, நான் 'தே லோவர்ட் த ரைஸ் இன்டு த வெல்'னு எழுதி குடுத்துட்டேன். அவங்க மகன் அத திரும்ப தமிழ்ல படிச்சு காமிச்சிருக்காரு. பாட்டி கேட்டாங்களாம், 'எனக்கு கல்யாணமே 51ல தான் ஆச்சு, ஜப்பான்காரன் இருந்தப்ப நான் அந்த வீட்டுலயே இல்ல, நான் எப்படி பாத்திருப்பேன்?' திரும்ப போய் டேப்ப கேட்டா, ஒவ்வொரு வரியிலயும் தெளிவா 'வச்சாங்களாம்', 'எறக்குனாங்களாம்'. பாட்டி ஒரு எடத்துல கூட பொய் சொல்லல, நான் தான் அவங்கள சொல்ல வச்சுட்டேன். அன்னைக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் தமிழ் பிரதிய எழுதி முடிச்சதும் மொதல் வேலையா ஒரு மஞ்சள் ஹைலைட்டர் எடுத்து எல்லா 'ஆம்'மையும் கோடு போட்டுட்டு தான் இங்கிலீஷ தொடுவேன்.

சரி இங்கிலீஷ்ல எப்படி கொண்டு வர்றது? 'தே சே', 'ஐ வாஸ் டோல்ட்', 'ஸோ ஐ ஹர்ட்' இதுல ஒண்ணு எடத்துக்கு தகுந்த மாதிரி. நம்ம ஆளுங்க இங்கிலீஷ் பேசும்போது 'இட் ஸீம்ஸ்'னு கடைசில சேர்ப்போம் பாருங்க, 'ஹி இஸ் நாட் கமிங் இட் ஸீம்ஸ்', அது இந்த 'ஆம்' தான், தமிழ்ல நெனச்சு இங்கிலீஷ்ல பேசுறது. எனக்கு அது ரொம்ப புடிக்கும், தாத்தா வாய்க்கும் பொருந்தும். ஆனா தமிழ் தெரியாதவங்க அத 'அப்படித் தோணுது'ன்னு படிப்பாங்க, கேள்விப்பட்டதுன்னு அவங்களுக்கு படாது. அதனால நான் பெரும்பாலும் 'தே சே' தான், அதையும் வாக்கியத்தோட கடைசில தான் வைப்பேன், தமிழ்ல எங்க வருதோ அங்கயே. முன்னாடி போட்டுட்டா கேக்குறவங்க ஆரம்பத்துலயே உஷார் ஆயிடுவாங்க. தமிழ்ல மொத்தமும் சொல்லி முடிச்சப்புறம் தான் அந்த வால் வந்து விழும், அந்த வரிசைய காப்பாத்துங்க.

ஒரு எச்சரிக்கை. எல்லா 'ஆம்'மும் கேள்விப்பட்டது இல்ல. 'அவன் பெரிய கிராணியாம்'னு ஒரு மாதிரி குரல்ல சொன்னா அதுல நக்கல் இருக்கு, அங்க 'தே சே' போட்டா தப்பு. குரல கேட்டு தான் முடிவு பண்ணணும். அதே மாதிரி 'ஆம்' இல்லன்னா கண்டிப்பா கண்ணால பாத்ததுன்னும் எடுத்துக்காதீங்க, ஒரு தடவ சொல்லிட்டு அடுத்த வரில விட்டுடுவாங்க. உங்க வேலை அவரு வச்ச எடத்துல வைக்கிறது, வைக்காத எடத்துல வைக்காம இருக்குறது, அவ்வளவு தான்.

இப்ப தாத்தா துண்ட திரும்ப பாருங்க. அப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு, ஆம் இல்ல. லாரி வந்துச்சு, ஆம் இல்ல. அப்புறம் நாலு செகண்ட் மௌனம். அதுக்கு அந்தப் பக்கம் 'போய்ட்டானாம்', ஒடனே 'நான் பாக்கல'. எனக்கு என்ன தோணுதுன்னா, அப்பா நின்னது அவருக்கு ஞாபகத்துல இருக்கு, லாரி வந்தது இருக்கு, ஏத்தினது இல்ல. அவரு பாத்ததுக்கும் கேட்டதுக்கும் நடுவுல இருக்குற எல்லக்கோடு அந்த நாலு செகண்ட். இது என் ஊகம், அத மொழிபெயர்ப்புக்குள்ள எழுத எனக்கு உரிம இல்ல. ஆனா மௌனத்தயும் அந்த 'ஆம்'மையும் அப்படியே வச்சீங்கன்னா படிக்கிறவங்க தானா அங்க வந்து நிப்பாங்க, ரெண்டுல ஒண்ண எடுத்தா கூட அந்த எல்லக்கோடு அழிஞ்சிடும்.

நீங்க கேட்ட 'வந்து' வெவகாரம் இங்க தான் வருது. துண்டுல 'வந்து' மூணு தடவ வருது, 'வந்துச்சு' தனி. 'அப்ப வந்து', 'எங்கப்பா வந்து', இந்த ரெண்டும் பேச்சு பழக்கம். சொல்லப்போற ஆளையோ நேரத்தையோ முன்னாடி வச்சுட்டு, 'இப்ப இதப் பத்தி சொல்லப்போறேன்'னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன தட்டு தட்டுறது. ரெண்டுக்கும் பின்னாடி இடைவெளியே இல்ல, ஓட்டமா போறாரு. இத இங்கிலீஷ்ல எடுத்துடுங்க, தயங்காம. சில பேரு இதுக்கு பதிலா 'யூ நோ' போடுவாங்க, வேணாம். 'யூ நோ'ங்கறது எதிர்ல இருக்குறவங்கள புடிச்சு இழுக்குறது, தமிழ்ல அதுக்கு 'தெரியும்ல', 'பாத்துக்க'ன்னு தனியா இருக்கு, தாத்தா அது சொல்ற எடத்துக்கு 'யூ நோ'வ மிச்சம் வைங்க.

மூணாவது 'வந்து' வேற. லாரி வந்துச்சு, வந்து... அப்புறம் மௌனம். அது லாரி வந்த 'வந்து'வா, இல்ல இழுக்குற 'வந்து'வான்னு எனக்கும் பிரிக்க முடியல, தாத்தாவுக்கே தெரியாம இருக்கலாம். அது மாதிரி எடத்துல இங்கிலீஷ்லயும் ரெண்டு பக்கமும் சாயுற மாதிரி வைக்கணும். 'எ லாரி கேம். கேம் அண்ட்...'னு நான் வைப்பேன். அந்த 'அண்ட்' தொங்கிட்டு நிக்கட்டும்.

எது பழக்கம் எது தடுமாற்றம்னு எப்படி தெரிஞ்சுக்குறது? தாத்தா சொகமா பேசுற எடம் ஒண்ணு எடுங்க, டாக்யார்டுல என்ன வேலை பாத்தாரு, சாயங்காலம் எங்க போய் டீ குடிச்சாரு, அந்த மாதிரி. ஒரு நிமிஷத்துக்கு எத்தன 'வந்து'ன்னு எண்ணுங்க. அது தான் அவரோட சாதாரண அளவு. அப்புறம் கஷ்டமான எடத்துல எண்ணுங்க. எண்ணிக்கை ஏறுதா, இல்ல எண்ணிக்கை அதே தான் ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இடைவெளி விழுதா, ரெண்டுல எது நடந்தாலும் அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம், அத எடுக்காதீங்க. மூணு மணி நேரத்துல இப்படி காப்பாத்த வேண்டிய எடம் ரொம்ப அதிகமா இருக்காது, மிச்ச 'வந்து'வ எடுத்ததுக்காக தாத்தா குறைஞ்சு போக மாட்டாரு. தமிழ் பிரதில மட்டும் ஒண்ணு விடாம எல்லாம் இருக்கணும், இங்கிலீஷ் பிரதியோட மொத பக்கத்துல 'பழக்கமா வர்ற வந்து, இந்த, அது மாதிரி வார்த்தைங்கள எடுத்திருக்கேன், தமிழ்ல முழுசா இருக்கு'ன்னு ரெண்டு வரி போட்டுடுங்க.

மௌனத்த கண்ணால அளக்குறது நல்லது, காது ஏமாத்தும், நம்மளுக்கு சங்கடமான மௌனம் ரெண்டு செகண்டே பத்து செகண்ட் மாதிரி கேக்கும். நான் ELAN-னு ஒரு இலவச சாஃப்ட்வேர் யூஸ் பண்றேன், நெதர்லாண்ட்ஸ்ல இருக்குற மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிடியூட்டுல பண்ணது, மொழி ஆராய்ச்சி பண்றவங்க நெறைய பேரு வச்சிருக்காங்க. ஃபோன் ரெக்கார்டிங்க WAV ஃபைலா மாத்தி உள்ள போட்டா மேல ஒலி அலை ஓடும், கீழ தமிழுக்கு ஒரு வரிசை, இங்கிலீஷுக்கு ஒரு வரிசை வச்சுக்கலாம், ரெண்டும் அதே நேரத்தோட ஒட்டிட்டு இருக்கும், பின்னாடி யாராவது 'இது சரியா'ன்னு கேட்டா ஒரு க்ளிக்குல தாத்தா குரலுக்கு போயிடலாம். குறியீட்ட ரொம்ப பெருக்காதீங்க. சின்ன இழுவைக்கு மூணு புள்ளி, பாதில அறுந்த வாக்கியத்துக்கு ஒரு கோடு, மூணு செகண்டுக்கு மேல போனா அடைப்புக்குள்ள எத்தன செகண்டுன்னு. இது போதும். அடைப்புக்குள்ள 'சோகமா சொல்றாரு'ன்னு எழுதாதீங்க, குரல் கரகரத்துச்சா, மூச்ச இழுத்தாரா, மேசைய தட்டுனாரா, காதுல விழுந்தத மட்டும் எழுதுங்க. சோகமா இல்லையான்னு உங்க கசின் முடிவு பண்ணிக்கட்டும்.

வயச பத்தி ஒரு வார்த்த. 'ஒரு அஞ்சு... ஆறு வயசு இருக்கும்'ல மூணு எடத்துல அவரு சந்தேகத்த வச்சிருக்காரு, 'ஒரு'ல, அஞ்சு ஆறாகுறதுல, 'இருக்கும்'ல. உங்களோடது 'வென் ஐ வாஸ் ஃபைவ்'. அவரு குடுக்காத ஒரு உறுதிய நீங்க குடுத்துட்டீங்க. 'ஐ மஸ்ட் ஹேவ் பீன் ஃபைவ்... ஸிக்ஸ்'னு வைங்க. பின்னாடி யாராவது வருஷத்த கணக்கு போடுவாங்க. ஜப்பான்காரன் அந்த சயாம் ரயில் பாதைய போட்டது 1942 நடுவுல இருந்து 1943 அக்டோபர் வரைக்கும், அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு வருஷம் அங்க பெரிய வித்தியாசம். ஆனா பாருங்க, தாத்தா ரயில்னே சொல்லல. 'சயாமுக்கு'ன்னு மட்டும் தான் சொன்னாரு. அவரு கதைக்குள்ள 'டெத் ரயில்வே'ன்னு நீங்க எழுதிடாதீங்க, அது புத்தகத்து வார்த்த. தாய்லாந்துன்னும் மாத்தாதீங்க. அடில ஒரு குறிப்பு போடுங்க, மலாயா தோட்டங்கள்ல இருந்து பல்லாயிரக்கணக்கான தமிழாளுங்கள சயாம்-பர்மா ரயில் வேலைக்கு கொண்டு போனாங்க, தாத்தா சொல்றது அதா இருக்கலாம்னு. அது குறிப்புல இருக்கட்டும், அவரு வாயில வேணாம்.

ஊர் பேச்சுக்கு வரேன். 'அவுக'ன்னு சொன்னாரே, அத கேட்டதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து பேச்சு, அம்மாவுக்கு மரியாத. எஸ்டேட்ல பொறந்து 88 வயசு வரைக்கும் அவங்கப்பா அம்மா ஊர் நாக்குல நிக்குது. அந்த ஒரு வார்த்தைய இங்கிலீஷ்ல 'ஷீ'ன்னு தான் சொல்லணும், வேற வழி இல்ல. ஆனா சுத்தி என்ன நடக்குதுன்னு பாருங்க, அப்பா 'இருந்தாரு', அம்மா 'அவுக', தூக்கிட்டு போனவன் 'போய்ட்டான்'. மொத்த ஜப்பான் பட்டாளத்துக்கும் ஒரே ஒரு ஒருமை. அது கோவம்னு சொல்ல முடியாது, வெள்ளைக்காரன், ஜப்பான்காரன்னு ஒருமைல சொல்றது அந்த தலமொறைக்கு சாதாரணம், மரியாத குடுக்கலைங்கறது மட்டும் நிஜம். இத காட்டுறேன்னு இங்கிலீஷ்ல ஜப்பான்காரங்கள திட்டுற சுருக்க பேரு ஒண்ணு இருக்கே, அத போட்டுடாதீங்க, தாத்தா திட்டல. ஆள் வைக்க வேண்டிய எடத்துல 'தே'ன்னு வச்சுட்டு, மொத பக்கத்து குறிப்புல அவர் யாருக்கு 'ர்' போடுறாரு யாருக்கு 'ன்' போடுறாருன்னு நாலு வரி எழுதுங்க. அந்த நாலு வரி அவர் பேச்சோட வாசனைய நிறையவே கொண்டு வந்துடும்.

ஊர் பேச்ச காட்டணும்னு எழுத்த ஒடைக்கிறது, கிராமரை ஒடைக்கிறது, லண்டன் கூலிக்காரங்க பேசுற மாதிரியோ அமெரிக்க தோட்டத்து கறுப்பின மக்கள் பேசுற மாதிரியோ எழுதுறது எதுவும் வேணாம். தாத்தா பேச்சு ஒடஞ்ச தமிழ் இல்ல. 'வந்துச்சு', 'போய்ட்டான்' எல்லாம் அவர் பேச்சுல முழு கிராமர், ஒரு பிசிறு கூட இல்ல. அத ஒடஞ்ச இங்கிலீஷா எழுதினா படிக்காத ஆளுன்னு முத்திரை குத்துறோம். நம்ம ஊருல இன்னொரு ஆசை வரும், சிங்லிஷ்ல எழுதிடலாமான்னு. அதுவும் வேணாம், சிங்லிஷ் ஸ்கூல் திண்ணைலயும் தேசிய சேவைலயும் வளர்ந்த வேற ஒரு பேச்சு, தாத்தாவோட எஸ்டேட் அதுல இல்ல. ஆனா அவரே தமிழ்ல பேசும்போது 'இல்ல லா'ன்னு சொல்லியிருந்தா, நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, அந்த 'லா' அப்படியே போகணும், அது அவரோடது.

அப்ப வாசனை எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. வார்த்த வரிசைல இருந்து வரும். 'ஏத்திட்டு போய்ட்டானாம். சயாமுக்கு.' சயாம் தனியா பின்னாடி வந்து விழுது. இத 'டுக் ஹிம் டு சயாம்'னு ஒட்ட வச்சா வாக்கியம் சுகமா இருக்கு, தாத்தா இல்ல. 'டு சயாம்'னு தனியா விடுங்க, இங்கிலீஷ் அத தாங்கும். அப்புறம் வினைல இருந்து வரும். 'ஏத்துறது' மூட்டைக்கும் மாட்டுக்கும் கூட சொல்ற வார்த்த, இந்த எடத்துல அதுல கனம் இருக்கு. 'டுக்' மட்டும் போதாது, 'லோடட்'னு போடுங்க. திரும்ப திரும்ப சொல்றதுல இருந்து வரும், 'அவுக சொல்லல, யாரும் சொல்லல', ரெண்டு 'சொல்லல'வும் இருக்கணும், ரெண்டாவத 'நார் டிட் எனிபடி'ன்னு வழுவழுன்னு ஆக்காதீங்க.

அப்புறம் சில வார்த்தைங்கள மொழிபெயர்க்காமலே விடுறது. எத்தனங்கறதுல கவனமா இருக்கணும், மூணு மணி நேரத்துக்கு ஒரு பதினஞ்சு வார்த்தைக்கு மேல வச்சா படிக்கிறவங்க களைச்சு போயிடுவாங்க. நான் எத விடுவேன்னா, இங்கிலீஷ்ல சமமா ஒண்ணும் இல்லாதது, அவர் வாயில அடிக்கடி வர்றது. கங்காணி, கிராணி, மண்டோர், சம்சு, பாசார் மாதிரி. இதுல பெரும்பாலும் மலாய் வழியா வந்த வார்த்த, இங்க வளர்ந்த பசங்களுக்கு தமிழே வராட்டியும் பாசாரும் கெரானியும் தெரியும், அதனால அவங்களுக்கு கண்ணுல பட்டதும் புரியுற மலாய் எழுத்துக்கூட்டுலயே எழுதுங்க. உறவு மொறைய தொடாதீங்க, அம்மாவ 'மதர்'னு போடலாம், ஆனா சின்னம்மாவையும் அத்தையையும் மாமியையும் எல்லாம் 'ஆண்ட்டி'ல போட்டு கரைச்சுட்டா அப்புறம் யாரு யாருன்னு உங்களுக்கே தெரியாது. கடையநல்லூர் முஸ்லிம் குடும்பத்து பெரியவங்க ரெக்கார்டிங்ல 'வாப்பா', 'உம்மா' வரும், அத நான் அம்மா அப்பான்னு கூட மாத்த மாட்டேன், அந்த ரெண்டு வார்த்தைலயே அவங்க எந்த வீட்டு ஆளுன்னு தெரியுதே. 'பசியாறிட்டு போனாரு' மாதிரி வந்தா? நான் மொத தடவ 'ப்ரோக் ஹிஸ் ஹங்கர் அண்ட் வென்ட்'னு வைப்பேன். 'ஹேட் பிரேக்ஃபாஸ்ட்' தப்பில்ல, ஆனா அது மேசை போட்டு ஒக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு, அதிகாலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடுற எஸ்டேட் ஆளுக்கு ஏது மேசை.

எல்லாம் சேத்து நான் வைக்கிறது இது: 'ஐ மஸ்ட் ஹேவ் பீன் ஃபைவ்... ஸிக்ஸ். மை ஃபாதர் வாஸ் ஸ்டேண்டிங் அட் த லைன்ஸ். எ லாரி கேம். கேம் அண்ட்... [நாலு செகண்ட்] லோடட் ஹிம் அப் அண்ட் டுக் ஹிம் அவே, தே சே. டு சயாம். ஐ டிட்ன்ட் ஸீ. இட் வாஸ் மை மதர் ஹூ... ம். ஷீ டிட்ன்ட் ஸே. நோபடி செட்.' 'ஏத்திட்டு போய்ட்டானாம்'ல யாருன்னு தாத்தா சொல்லல பாருங்க, வினையோட வால்ல தான் ஆளு இருக்கான், அதனால இங்கிலீஷ்லயும் 'லோடட்'க்கு முன்னாடி நான் ஆள் வைக்கல, மௌனத்துல இருந்து நேரா வினை வெளிய வருது. இது வழக்கமான இங்கிலீஷ் இல்ல, ஆனா மௌனத்துக்கு அப்புறம் இது நிக்கும்.

சரியா வந்துச்சான்னு பாக்க ரெண்டு வழி. ஒண்ணு, ரெக்கார்டிங்க ஓட விட்டு கூடவே உங்க இங்கிலீஷ சத்தமா படிங்க. தாத்தா 35 செகண்ட் எடுத்தத நீங்க 10 செகண்டுல முடிச்சுட்டீங்கன்னா எதையோ தின்னுட்டீங்க. ரெண்டாவது தான் எனக்கு முக்கியம். தமிழ் தெரியாத கசின் ஒருத்தர்ட்ட இங்கிலீஷ மட்டும் குடுத்து, 'இதுல தாத்தா கண்ணால பாத்தது எது, கேள்விப்பட்டது எது, தெரியாதது எது'ன்னு கேளுங்க. அவங்க பதிலும் தமிழ் பிரதியும் ஒத்துப்போகணும். உங்க மொத இங்கிலீஷ குடுத்து பாருங்க, எல்லாத்தையும் பாத்தாருன்னு தான் சொல்லுவாங்க.

மெதுவா பண்ணுங்க. எனக்கே ஒரு மணி நேர டேப்புக்கு தமிழ் பிரதி மட்டும் எட்டு மணி நேரத்துக்கு கொறையாது, அதுக்கப்புறம் தான் இங்கிலீஷ். அப்படி மூணு மணி நேரமும் முடியாதுன்னா முழுசுக்கும் தமிழ்ல ஒரு சுருக்கம் எழுதி வச்சுட்டு, இந்த மாதிரி கனமான எடங்கள ஒரு அர மணி நேரம் தேர்ந்தெடுத்து அத மட்டும் ஒழுங்கா பண்ணுங்க. தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்று மையம் 1979ல இருந்து பெரியவங்கள ரெக்கார்ட் பண்ணிட்டு வருது, அதுல தமிழ்ல பேசினதும் இருக்கு, நேரம் கெடச்சா அதுல ஒண்ண கேட்டுட்டு வாங்க, கேள்வி கேக்குறவங்க எவ்வளவு நேரம் சும்மா இருக்காங்கன்னு மட்டும் கவனிங்க.

ஏன் சொல்றேன்னா, உங்க துண்டுல 'எங்கம்மா தான்...'னு தாத்தா நிறுத்தினதும் லேசா உங்க குரல் கேக்குது, 'சொன்னாங்களா?'ன்னு நீங்க கேக்குறீங்க, அதுக்கப்புறம் தான் 'ம். அவுக சொல்லல' வருது. பிரதி எழுதுறப்ப எனக்கும் அது காதுல விழல, அதனால என் பிரதிலயும் விட்டுப்போச்சு, உங்க இங்கிலீஷ்ல அது இல்லவே இல்ல. சேத்துடுங்க. 'அம்மா தான்'னு அவரு சொல்ல வந்தது 'அம்மா தான் சொன்னாங்க'வா இருக்கலாம், 'அம்மா தான் பாத்தாங்க'வா இருக்கலாம், உங்க கேள்வி வந்து அத 'சொல்றது' பக்கம் திருப்பிடுச்சு. படிக்கிறவங்களுக்கு உங்க கேள்வி தெரிஞ்சா தான் அந்த 'சொல்லல' எதுக்கு பதில்னு தெரியும். என் இங்கிலீஷ்லயும் 'ஹூ...'ன்னு போட்டது அதனால தப்பில்ல, அத நிரப்பாதீங்க. தாத்தா நல்லா இருக்குற ஒரு காலைல, பசியாறினப்புறம், அந்த துண்ட அவருக்கே போட்டு காமிச்சு, 'அம்மா தான்...'ல நிறுத்திட்டு பேசாம ஒக்காருங்க. அவரு ஏதாவது சொன்னா அத தனியா தேதி போட்டு எழுதுங்க, பழைய டேப்போட சேக்காதீங்க.